படத்தில் இருப்பதும் கத்துவதும் ஒரே உயிரிதானா?

கேள்வி: குளக்கரையில் ஒரு மரத்தவளையைப் படம் எடுத்தேன். அதே இரவில் அங்கே கத்திக்கொண்டிருந்த தவளைகளின் சத்தத்தையும் கைபேசியில் பதிவு செய்தேன். படத்தைப் பார்த்தவர்கள் "சாம்பல் மரத்தவளை இனங்கள் இரண்டில் ஒன்று" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒலியைக் கேட்டவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். பறவைகளிலும் இதே சிக்கல் வருகிறது. படத்தோடு ஒலியையோ சிறு வீடியோவையோ எப்படிச் சேர்த்தால் இனம் உறுதியாகும்?

பதில்:

படமும் ஒலிப்பதிவும் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அந்தக் குரலை எழுப்பியது படத்தில் இருக்கும் அதே உயிரிதான் என்பதற்குச் சான்று இல்லாதவரை அவை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரண்டு பதிவுகளே. உங்களிடம் இல்லாதது அந்தத் தொடர்புதான். அதைத் தருவதில் இருபது நொடி வீடியோவுக்கு இணையானது வேறில்லை. அழகான வீடியோ தேவையில்லை. குரல் கேட்கும் அதே நொடியில் தவளையின் குரல்பை உப்புவதோ பறவையின் தொண்டை அசைவதோ அதில் தெரிந்தால் போதும்.

நீங்கள் கேட்டிருக்கும் தவளையையே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இந்த முறைக்கு இதைவிடக் கடினமான சோதனை அதிகம் இல்லை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் சாம்பல் மரத்தவளையும் கோப் சாம்பல் மரத்தவளையும் உருவத்தில் ஒன்றே. இரண்டுமே சாம்பல் நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும்; இரண்டுக்கும் கண்ணுக்குக் கீழே வெளிர் திட்டு உண்டு; இரண்டின் தொடையின் உட்புறமும் மஞ்சளோடிய ஆரஞ்சு நிறம் கொண்டது. வேறுபாடு உள்ளே இருக்கிறது: கோப் தவளைக்கு 24 குரோமோசோம்கள், மற்றதற்கு அதைப்போல் இரு மடங்காக 48. இந்த உண்மை 1970-இல்தான் வெளியானது. ஆகவே உங்கள் படத்தைப் பார்த்தவர்கள் "இரண்டில் ஒன்று" என்று நிறுத்திக்கொண்டது அறியாமையால் அல்ல; படம் சொல்லக்கூடியதை அவர்கள் முழுமையாகவே சொல்லிவிட்டார்கள்.

அதற்காகப் படம் வீண் என்று எண்ண வேண்டாம். இவற்றோடு நெருங்கிய உறவுடைய பறவைக்குரல் மரத்தவளை தெற்கே இதே பகுதிகளில் சில இடங்களில் வாழ்கிறது. அதன் தொடையின் உட்புறம் ஆரஞ்சாக இல்லாமல் வெளிர் பச்சையாக இருக்கும். பின்னங்கால் சற்று விலகியிருக்கும்போது எடுத்த ஒரு படம் அந்த மூன்றாவது இனத்தை நீக்கிவிடுகிறது. முதுகை மட்டும் பத்துக் கோணங்களில் எடுத்த படங்கள் அதைச் செய்வதில்லை. எந்த உறுப்பு தெரிந்தால் எந்த இனம் நீங்கும் என்பதை முன்பே அறிந்துகொண்டு, அந்த உறுப்பைப் படம் எடுப்பதுதான் படத்தின் வேலை. எஞ்சிய இரண்டுக்குள் தேர்ந்தெடுப்பது ஒலியின் வேலை.

இந்த இரண்டின் குரலும் ஏறத்தாழ அரை நொடி முதல் ஒரு நொடிவரை நீளும் ஓர் அதிர்வொலி. அதைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டியதுபோன்ற குறுந்துடிப்புகளின் வரிசையாகத் தெரியும். நொடிக்கு எத்தனை துடிப்புகள் என்பதுதான் இனத்தைப் பிரிக்கும் அளவு. காற்று வெப்பநிலை 20 பாகை செல்சியஸாக இருக்கும்போது சாம்பல் மரத்தவளையில் அது நொடிக்கு ஏறத்தாழ 20. கோப் தவளையில் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. காதுக்கு முதலாவது இனிமையாக உருள்வதுபோலவும் இரண்டாவது கரகரப்பாகவும் கேட்கும். ஆனால் உடல் சூடேறினால் இரண்டும் வேகமாகத் துடிக்கும், குளிர்ந்தால் மெதுவாகும். குளிர்ந்த இரவில் கோப் தவளையின் வேகம் முப்பதையொட்டி இறங்கக்கூடும். வெம்மையான இரவில் மற்றதன் வேகம் முப்பதையொட்டி ஏறக்கூடும். உங்கள் ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னதற்கு இதுவே போதிய காரணம்: வெப்பநிலை குறிக்கப்படாத பதிவில் "முப்பது" என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. பெண் தவளைகளும் குரலைத் தேர்ந்தெடுக்கும்போது தம் உடல் வெப்பத்துக்கு ஏற்பவே எதிர்பார்க்கும் வேகத்தை மாற்றிக்கொள்கின்றன என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வெப்பமானி தேவைப்படுவது நமக்கு மட்டும்தான்.

அந்த வெப்பநிலையைக் கைபேசியின் வானிலைச் செயலியிலிருந்து எடுக்காதீர்கள். அது எங்கோ உள்ள நிலையத்தின் அளவு அல்லது கணிப்பு. இரவில் நீரையொட்டிய தாழ்வான இடம் அதிலிருந்து சில பாகைகள் விலகியிருப்பது வழக்கம். ஒரு சிறிய வெப்பமானியைத் தவளை அமர்ந்திருந்த உயரத்தில் பிடித்துப் பாருங்கள். தவளை கிளையில் இருந்தால் காற்றின் வெப்பநிலை, உடல் நீரில் அமிழ்ந்திருந்தால் நீரின் வெப்பநிலை. எதை அளந்தீர்கள் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

இனி களத்தில் எந்த வரிசையில் செய்வது என்பதைப் பார்ப்போம். வீடியோ முதலில், பளிச்சொளியோடு எடுக்கும் படம் கடைசியில். பளிச்சொளி பட்டதும் தவளை வாயடைத்துப்போகும். அது மீண்டும் தொடங்கும்வரை காத்திருப்பதற்குள், பக்கத்திலிருந்து வேறொன்று தொடங்கிவிட்டால் எது எதுவென்று உங்களுக்கே ஐயம் வரும். நீங்கள் நெருங்கும்போதும் அது நிறுத்தத்தான் செய்யும். மங்கிய விளக்கை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் விழச் செய்து, அசையாமல் நின்றால், சற்று நேரத்தில் பக்கத்துத் தவளைகளின் குரலுக்கு மறுமொழியாகத் தானும் தொடங்கும். வீடியோவை அது கத்தத் தொடங்குவதற்கு முன்பே ஓடவிடுங்கள். முதலில் சுற்றுப்புறம் தெரியும்படி அகலமாக எடுத்து, பதிவை நிறுத்தாமலேயே மெல்ல நெருங்கி, குரல்பை தெளிவாகத் தெரியும் தூரத்தில் நின்றுவிடுங்கள். அரை மீட்டரில் மைக் இருந்தால் உங்கள் தவளையின் குரல் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலெழுந்து நிற்கும். குறைந்தது ஐந்தாறு முழுக் குரல்களாவது பதிவாக வேண்டும், ஏனெனில் முதல் ஒன்றிரண்டு பெரும்பாலும் தயங்கித் தயங்கி வரும்.

பதிவு முடிவதற்கு முன், அதே வீடியோவில் உங்கள் வாயாலேயே நேரம், வெப்பநிலை, தூரம் ஆகியவற்றையும் "இப்போது கத்தியது திரையில் தெரியும் இந்தத் தவளை" என்பதையும் சொல்லிவிடுங்கள். அதன்பின் நிறுத்திவிட்டு, தவளை இடம் மாறாதிருக்கும்போதே படங்களை எடுங்கள். படத்தை வேறொரு கேமராவில் எடுப்பதாக இருந்தால், அன்றைய முதல் படமாகக் கைபேசியின் கடிகாரத் திரையை எடுத்துவைப்பது நல்லது. இரண்டு கருவிகளின் நேரமும் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது அதிலிருந்து தெரியும். படமும் வீடியோவும் அடுத்தடுத்து எடுக்கப்பட்டவை என்பதைப் பிறகு நீங்கள் காட்ட முடியும். தோலில் உள்ள மரு, திட்டின் வடிவம், கிளையின் கணு போன்ற ஏதேனும் ஓர் அடையாளம் வீடியோவிலும் படத்திலும் ஒன்றாகத் தெரிந்தால் அது இன்னும் வலுவான சான்று.

கைபேசியில் ஒரு மறைமுகத் தொல்லை உண்டு. பேச்சைத் தெளிவாக்குவதற்கென்றே அமைந்த இரைச்சல் நீக்கம் பல கைபேசிகளில் தானாகவே இயங்குகிறது. மனிதப் பேச்சல்லாத, தொடர்ந்து ஒரே மாதிரி ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்றே எண்ணும். தவளைக் குரலும் பூச்சி ஒலியும் அதற்கு முதல் பலி. முதல் குரல் உரத்துக் கேட்டு, அடுத்தடுத்தவை தேய்ந்து, நடுவே ஒலி முற்றிலும் அற்றுப்போன இடைவெளிகள் இருந்தால், அது தவளையின் செயல் அல்ல, கருவியின் செயல். அந்த வசதியை அமைப்பில் அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாவிட்டால், சுருக்காத வடிவில் பதியும் தனி ஒலிப்பதிவுச் செயலியை இன்னொரு கைபேசியில் அதே நேரத்தில் ஓடவிடலாம். வீடியோவின் வழக்கமான ஒலிச்சுருக்கம் துடிப்புகளை எண்ணுவதைக் கெடுப்பதில்லை. செய்திச் செயலி வழியாக அனுப்பும்போது நடக்கும் இரண்டாவது சுருக்கம்தான் ஆபத்து. ஆகவே மூலக் கோப்பையே வைத்திருந்து அதையே கொடுங்கள்.

வீடியோவிலிருந்து ஒலியைத் தனியே பிரிக்க, கணினியில் ffmpeg என்ற இலவச நிரலை நிறுவி, கட்டளைச் சாளரத்தில் clip.mp4 என்ற இடத்தில் உங்கள் வீடியோவின் பெயரை இட்டு இந்த ஒரு கட்டளையை இயக்கினால் போதும்:

```
ffmpeg -i clip.mp4 -vn -acodec pcm_s16le call.wav
```

கிடைக்கும் கோப்பை Audacity என்ற இலவச ஒலித்தொகுப்பு நிரலில் திறந்து, ஒரே ஒரு குரல் திரையை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். அலைவடிவத்தில் துடிப்புகள் சீப்பின் பற்களைப்போல் வரிசையாக நிற்கும். எடுத்துக்காட்டாக, உங்கள் வெப்பமானி 24 பாகை காட்டியது என்றும், ஒரு குரலில் முதல் முகட்டிலிருந்து கடைசி முகடுவரை 0.80 நொடி, அதில் 22 முகடுகள் என்றும் வைத்துக்கொள்வோம். எண்ண வேண்டியது முகடுகளை அல்ல, அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளிகளை; அவை 21. அதை 0.80 ஆல் வகுத்தால் நொடிக்கு 26 துடிப்புகளுக்குச் சற்று மேல். அந்த வெப்பத்தில் கோப் தவளை ஐம்பதையொட்டித் துடித்திருக்கும். எனவே இது சாம்பல் மரத்தவளை. இதே கணக்கை இன்னும் நான்கைந்து குரல்களில் செய்து பாருங்கள். விடைகள் நெருங்கி வரவேண்டும்.

வராமல்போவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அதுதான் கூட்டமாகக் கத்தும் குளங்களில் நிறைய பேரைத் தவறான பெயருக்குக் கொண்டுசெல்கிறது. அருகருகே இரண்டு சாம்பல் மரத்தவளைகள் ஒரே நேரத்தில் கத்தினால், ஒன்றின் துடிப்புகளுக்கு நடுவே மற்றதன் துடிப்புகள் விழும். நொடிக்கு 26 என்பது 52 ஆகத் தெரியும், அதாவது கோப் தவளையின் எண்ணாகவே தெரியும். ஒலியை மட்டும் கேட்டால் அதன் கரகரப்பும் சற்றேறக்குறைய அப்படியே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க அலைவடிவத்தை உற்றுப் பாருங்கள். உயரமான முகடும் தாழ்ந்த முகடும் மாறி மாறி வருகின்றனவா, இடைவெளிகள் சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் விலகியும் இருக்கின்றனவா, குரலின் தொடக்கத்திலோ முடிவிலோ துடிப்பின் வேகம் திடீரெனப் பாதியாகிறதா என்று பார்க்க வேண்டும். தனித்தவளையின் குரலில் முகடுகள் சிறிதாகத் தொடங்கிச் சீராக வளரும், இடைவெளி மாறாது.

வீடியோ தன் மதிப்பைக் காட்டும் இடம் இதுவே. குரல்பை உப்பத் தொடங்கும் நொடியையும் அடங்கும் நொடியையும் திரையில் குறித்துக்கொண்டு, ஒலியில் எந்தப் பகுதி அந்த எல்லைக்குள் அடங்குகிறது என்று பாருங்கள். எல்லைக்கு வெளியே நீளும் ஒலி பக்கத்துத் தவளையுடையது. அது ஒலிக்காமல் உங்கள் தவளை மட்டும் கத்திய ஒரு குரலைத் தேர்ந்து எண்ணினால் போதும். அந்தத் துடிப்புகளை வீடியோவிலேயே எண்ணிவிடலாமா என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு துடிப்புக்கும் தவளையின் விலாத் தசை ஒருமுறை சுருங்குகிறது என்பது உண்மைதான்; ஆனால் நொடிக்கு 30 சட்டகங்கள் எடுக்கும் வழக்கமான வீடியோவில் நொடிக்கு 26 முறை நிகழும் அசைவை எண்ண இயலாது. வீடியோவிலிருந்து குரலின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் எடுத்துக்கொண்டு, எண்ணிக்கையை ஒலிக்கே விட்டுவிடுங்கள்.

இன்னொரு கவனம்: பக்கத்தில் வேறோர் ஆண் மிக நெருங்கிவிட்டால் தவளை எதிர்ப்புக் குரல் எழுப்பும். அது இந்த அதிர்வொலியிலிருந்து வேறான குரல். அதில் துடிப்புகளை எண்ணி எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

பறவைகளில் அடிப்படை இதுவே, ஆனால் தூரம் சேர்ந்துகொள்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பறவை 34 மீட்டர் தொலைவில் இருந்தால், அலகு திறந்து நொடியில் பத்தில் ஒரு பங்கு கழிந்த பின்னரே குரல் மைக்கை அடையும். 30 சட்டக வீடியோவில் அது மூன்று சட்டகங்கள். அலகின் அசைவும் ஒலியும் பொருந்தவில்லை என்று தோன்றும் பதிவைத் தள்ளிவிடுவதற்கு முன், தாமதம் எல்லாக் குரல்களிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே அளவாக, தூரத்துக்கு ஒத்ததாக இருந்தால் குரல் அந்தப் பறவையுடையதுதான். ஒருமுறை முந்தியும் ஒருமுறை பிந்தியும் இருந்தால் கத்துவது வேறொன்று. சிறு பறவைகள் தொடர்புக் குரல் எழுப்பும்போது அலகைத் திறப்பதே தெரியாது; அங்கே தொண்டை இறகின் துடிப்பையும் வாலின் சிறு அசைவையும் பார்க்க வேண்டும்.

பறவைகளில் படம் ஒலியைத் திருத்தும் நிலையும் அடிக்கடி வரும். துடுப்புவால் கரிச்சான் வைரி போன்ற வேட்டைப்பறவைகளின் குரலை நன்றாகவே நகலெடுக்கும். ஒலியை மட்டும் பதிந்தவர் அந்த இடத்தில் வைரி இருந்ததாக எழுதிவிடுவார்; சுருதி நேரத்தோடு மாறுவதை வரைந்து காட்டும் ஒலி நிறமாலைப் படத்திலும் அது வைரியைப்போலவே கிடக்கும். கரிச்சான் கிளையில் அமர்ந்து அந்தக் குரலை எழுப்புவதை ஐந்து நொடி வீடியோவாக எடுத்தவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. வீடியோ இயலாதபோது, ஒரு குரலோடு நிறுத்திவிடாமல் நீண்ட நேரம் பதிவு செய்யுங்கள். வேட்டைப்பறவையின் குரலுக்குப் பின்னால் வேறு இரண்டு மூன்று பறவைகளின் குரல்கள் ஒரே திசையிலிருந்து, ஒரே உரப்பில் அடுத்தடுத்து வந்தால், பாடுவது யார் என்பது புரிந்துவிடும்.

தவளைகளை ஒத்த இரட்டையர் பறவைகளிலும் உண்டு. வட அமெரிக்காவின் ஆல்டர் ஈப்பிடிப்பானும் வில்லோ ஈப்பிடிப்பானும் 1973 வரை ஒரே இனமாகவே கருதப்பட்டன. ஒன்று "ஃபீ-பீ-ஓ" என்றும் மற்றது "ஃபிட்ஸ்-பியூ" என்றும் பாடுவதே அவற்றைப் பிரிக்கும் நம்பகமான வழி. பாடாத பறவையை அனுபவம் மிக்கவர்களும் ட்ரெயில் ஈப்பிடிப்பான் என்ற பழைய கூட்டுப்பெயரிலேயே விட்டுவிடுகிறார்கள். அதைப் பாட வைப்பதற்காகப் பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்வது சான்றைக் கெடுக்கும் வேலை. நீங்கள் ஒலிக்கவிட்ட குரல் உங்கள் பதிவிலேயே கலந்துவிடுவதால், பிறகு கேட்பவர் எது பறவையுடையது என்று ஒவ்வொரு குரலுக்கும் கேள்வி கேட்பார்.

இப்போது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இரண்டு கோப்புகளுக்கு வருவோம். அவற்றை ஒரே பதிவில் இணைக்காதீர்கள். படத்தைச் "சாம்பல் மரத்தவளை அல்லது கோப் சாம்பல் மரத்தவளை" என்ற கூட்டு நிலையிலேயே தனிப் பதிவாக வையுங்கள். அந்தத் தவளையின் தாடைக்குக் கீழே தோல் கருத்துச் சுருங்கியிருக்கிறதா என்று படத்தைப் பாருங்கள்; கருத்திருந்தால் அது ஆண், குரல் அதனுடையதாக இருந்திருக்கலாம். வெளிறி இருந்தால் பெரும்பாலும் பெண், அல்லது இனப்பெருக்கக் காலத்துக்கு வெளியே உள்ள ஆண். பெண் அந்தக் குரலை எழுப்புவதில்லை. அப்படியானால் குளமே அதிர்ந்த அந்த ஒலிப்பதிவு முழுவதும் அந்தத் தவளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரண்டு இனங்களும் ஒரே குளத்தில் சேர்ந்து கத்தும் இடங்கள் உண்டு.

ஒலிப்பதிவைத் தனியே எடுத்து, ஒன்றோடொன்று மோதாத குரல்களைத் தேடி, மேலே சொன்னபடி எண்ணுங்கள். நொடிக்கு இருபதுக்கும் கீழே வந்தால் வெப்பநிலை தெரியாமலேயே சாம்பல் மரத்தவளை என்று எழுதலாம். தனித்தவளையின் குரல் என்று உறுதியாகத் தெரியும் ஒன்றில் ஐம்பதுக்கு மேல் வந்தால் கோப் தவளை. நடுவில் விழுந்தால், அன்றிரவு அந்த நேரத்தில் குளத்தருகே இருந்த வெப்பநிலையை யாராவது அளந்திருந்தாலொழிய, ஒலியும் கூட்டு நிலையிலேயே நிற்கட்டும். பெயருக்குப் பக்கத்தில், எத்தனை குரல்களை எண்ணினீர்கள், எண் என்ன வந்தது, வெப்பநிலை அளக்கப்படவில்லை என்ற மூன்றையும் குறித்துவிட்டால், அதே குளத்தில் வெப்பமானியோடு அடுத்து நிற்பவர் உங்கள் பதிவை எடுத்துத் தொடர முடியும்.